11,237 என்பது 11,287 ஆனபோது

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் எங்கள் வீட்டு மின்மானியில் ஓர் இலக்கம் தவறாக வாசிக்கப்பட்டது. அதனால் வந்த பிழையான மின்பட்டியலைத் திருத்திக்கொள்ள ஆறு வாரங்கள் எடுத்தன. இந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இரண்டு விடயங்களை யாரும் எனக்கு முன்னதாகச் சொல்லியிருக்கவில்லை. அவற்றை இலக்கங்களோடும் திகதிகளோடும் எழுதி வைத்தால், இதே நிலைக்கு ஆளாகும் இன்னொரு வீட்டுக்குப் பயன்படும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாற்றில் இருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்பதால், உப்புக்காற்று படாத பொருள் எதுவும் வீட்டின் வெளிச்சுவரில் இல்லை. மின்மானியும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. இலக்கங்கள் உருளையில் சுழலும் பழைய வகை மானி அது. கறுப்பு நிறத்தில் ஐந்து இலக்கங்களும், கடைசியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிவப்பு இலக்கம் ஒன்றும் அதில் உள்ளன. அதன் கண்ணாடி பல ஆண்டுகளாக மங்கிப்போயிருந்தும், அதைத் துடைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

ஒக்டோபர் 9, புதன்கிழமை மானி வாசிப்பவர் வந்து, பட்டியலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரம் பாடசாலையில் வாணி விழா வேலைகளில் நான் மூழ்கியிருந்ததால், அம்மா அதை அலுமாரியின் மேல் வைத்திருந்தார். சனிக்கிழமை, 12ஆம் திகதிதான் அது என் கையில் கிடைத்தது. மாதம் சுமார் 1,800 ரூபா வருகிற எங்கள் வீட்டுக்கு அதில் 4,713 ரூபா 85 சதம் போடப்பட்டிருந்தது.

“குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டதோ, புள்ள?” என்பதே அம்மாவின் முதற்கேள்வி. பட்டியல் திடீரென்று கூடினால் எல்லா வீடுகளிலும் முதலில் எழுகிற சந்தேகம் இதுதான். ஆனால் பொருள்களைச் சந்தேகிக்கும் முன் பட்டியலில் உள்ள நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்: முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கை, மானியின் இலக்கம். நாட்களை எண்ணுவது மிகவும் முக்கியம். வாசிப்பவர் சில நாட்கள் பிந்தி வந்தால் அலகுகள் இயல்பாகவே கூடும். அப்போது கட்டண அடுக்குகளின் எல்லையும் நாட்களுக்கேற்ப விரிக்கப்படும் என்பதால் அதில் பிழை எதுவும் இருக்காது. எங்கள் பட்டியலில் செப்டெம்பர் 9 முதல் ஒக்டோபர் 9 வரை சரியாக 30 நாட்கள் இருந்தன. மானியின் இலக்கமும் எங்களுடையதே. முந்தைய வாசிப்பு 11,149, தற்போதைய வாசிப்பு 11,287, பாவனை 138 அலகுகள் என்று எழுதப்பட்டிருந்தது.

பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் எங்கள் பாவனை 81 அலகுக்குக் கீழே போகவும் இல்லை, 90ஐத் தாண்டவும் இல்லை. வீட்டில் புதிதாக எந்த மின்சாதனமும் வாங்கியிருக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடியிருந்தது ஏறத்தாழ 50 அலகுகள். இப்படி 50, 100, 500 போன்ற முழு எண்ணுக்கு அண்மையாக வேறுபாடு வந்தால், பழுதான பொருளைவிடத் தவறாக வாசிக்கப்பட்ட இலக்கத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழுதான குளிர்சாதனப் பெட்டி அலகுகளை இப்படி ஒழுங்காகக் கூட்டாது. பத்தாம் இடத்தில் 3 என்பதை 8 என்று வாசித்தால் வேறுபாடு சரியாக 50 ஆகும். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் 3க்கும் 8க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மானியைப் பார்க்கப் போனேன். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். அது 11,246ஐக் காட்டியது.

அங்கேயே சில நிமிடங்கள் நின்று அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்று நாட்களுக்கு முன் 11,287ஐக் காட்டியதாகப் பட்டியல் சொல்கிற மானி, இன்று 11,246ஐக் காட்டுகிறது. மின்சாரத்தைப் பாவிக்க மட்டும் செய்கிற வீட்டில் மின்மானி பின்னோக்கிச் சுழலாது. ஆகவே 9ஆம் திகதி அது 11,287ஐக் காட்டியிருக்கவே முடியாது. இதற்குமேல் வேறு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 அலகுகள் செலவாகிற வீடு என்பதால், மூன்று நாட்களுக்குரிய 9 அலகுகளைக் கழித்தால் 11,237 வருகிறது. அதாவது உண்மையான பாவனை 88 அலகுகள்.

யாரும் எனக்குச் சொல்லியிராத முதலாவது விடயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தச் சான்றுக்கு ஆயுள் குறைவு. மானி நாள்தோறும் 3 அலகுகள் முன்னேறுவதால், இன்னும் 13, 14 நாட்களில் அது 11,287ஐத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு அதைப் பார்க்க வருகிற எந்த அலுவலருக்கும் அது ஒழுங்கான மானியாகவே தெரியும். அதன்பின் “அன்று பிழையாக வாசித்தார்கள்” என்பது என்னுடைய வாய்ச்சொல் மட்டும்தான். கூடுதலாக எழுதப்பட்ட அலகுகளை வீட்டின் ஒருநாள் பாவனையால் வகுத்தால், பட்டியல் திகதியிலிருந்து எத்தனை நாட்களுக்குச் சான்று மானியின் முகத்தில் நிற்கும் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு மொத்தம் சுமார் 17 நாட்கள். அதில் மூன்று நாட்கள் அலுமாரியின் மேலேயே கழிந்துவிட்டன. மின்விசிறியும் விளக்கும் மட்டும் உள்ள சிறிய வீட்டில் இந்தக் கால எல்லை நீளும். குளிரூட்டி ஓடுகிற வீட்டில் நான்கைந்து நாட்களிலேயே அது முடிந்துவிடக்கூடும்.

உடனே கைத்தொலைபேசியில் படங்கள் எடுத்தேன். முதற்படத்தில் தொலைபேசியின் விளக்கு கண்ணாடியில் பட்டு, இலக்கங்கள் வெண்மையாக மறைந்துபோயின. பிறகு விளக்கை அணைத்து, சற்றுச் சரிவான கோணத்தில், ஐந்து கறுப்பு இலக்கங்களும் சிவப்பு இலக்கமும் மானியின் இலக்கமும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி எடுத்தேன். மானியின் இலக்கம் இல்லாத படத்தை எந்த வீட்டு மானியின் படம் என்றும் சொல்லிவிடலாம் என்பதால் இதில் கவனமாக இருந்தேன். அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தை மானியின் பக்கத்தில் தம்பியைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படமும் எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு மானியை வாசித்து, சுவர் நாட்காட்டியில் அந்தத் திகதிக்குரிய கட்டத்தில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சோதனையும் செய்தோம். வீட்டின் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, மானிக்குள் சுழலும் தட்டைப் பத்து நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையாமல் நின்றது. ஆளியை நிறுத்திய பிறகும் தட்டு சுழன்றால், மானியிலோ, அதற்கும் ஆளிக்கும் இடைப்பட்ட இணைப்பிலோ குறை இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று கண்டதால், எங்கள் முறைப்பாடு மானியைப் பற்றியது அல்ல, வாசிப்பைப் பற்றியது மட்டுமே என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இந்த வேறுபாட்டைக் கடிதத்தில் தெளிவாக எழுதாவிட்டால் முறைப்பாடு வேறு வழியில் போய்விடும். “மானி பிழை” என்று எழுதினால் அது மானிச் சோதனைக்குரிய விண்ணப்பமாகக் கொள்ளப்படும். அதற்குத் தனியான நடைமுறையும் கட்டணமும் இருக்கின்றன. அந்தச் சோதனையில் மானி சரியாக இருக்கிறது என்ற முடிவே வரும், ஏனென்றால் அது உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கிறது.

14ஆம் திகதி, திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் மின் விநியோக நிறுவனத்தின் பிரதேசக் காரியாலயத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். படத்தையும் பார்த்தார். பிறகு, “இதற்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை டீச்சர். அடுத்த மாதம் மானி வாசிக்கும்போது அலகு குறைவாக வரும். தானாகவே சரியாகிவிடும். இப்போதைக்கு இதைக் கட்டிவிடுங்கள்” என்றார். அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் இன்றும் எண்ணவில்லை. நாள்தோறும் பலருக்கும் சொல்லிப் பழகிய பதிலை எனக்கும் சொன்னார். அது நியாயமான பதில் போலவே எனக்கும் தோன்றியது. எழுத்தில் எதுவும் கொடுக்காமல், முறைப்பாட்டு இலக்கம் எதுவும் பெறாமல் வீடு திரும்பினேன். ஒரு நாள் வீணானது.

அன்றிரவு மாணவர்களின் கொப்பிகளைத் திருத்தி முடித்த பிறகு, அந்தப் பதிலைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லியிராத இரண்டாவது விடயம் அந்தக் கணக்கில் வெளிப்பட்டது.

2024 ஜூலை 16 முதல் நடைமுறையில் இருந்த வீட்டுக் கட்டணத்தின்படி, மாதம் 60 அலகுகளுக்குள் பாவிப்பவர்கள் முதல் 30 அலகுகளுக்குத் தலா 6 ரூபாவும், அடுத்த 30 அலகுகளுக்குத் தலா 9 ரூபாவும் செலுத்தினார்கள். 31 முதல் 60 அலகு வரையில் உள்ளவர்களுக்கு நிலையான கட்டணம் 250 ரூபா. ஆனால் பாவனை 60ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை முழுவதும் இல்லாமற்போய், முதல் 60 அலகுகளுக்கும் தலா 15 ரூபா அறவிடப்படும். அதன்பின் 90 வரை 18 ரூபா, 120 வரை 30 ரூபா, 180 வரை 42 ரூபா. நிலையான கட்டணமும் அடுக்கோடு சேர்ந்து ஏறும்: 90 வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500 ரூபா.

எங்கள் உண்மையான 88 அலகுகளுக்கு 60 அலகு 15 ரூபாப்படி 900, மிகுதி 28 அலகு 18 ரூபாப்படி 504, நிலையான கட்டணம் 400 என்று மொத்தம் 1,804 ரூபா. பட்டியலில் எழுதப்பட்ட 138 அலகுகளுக்கு 900, 540, 900, 756 என்ற நான்கு தொகைகளோடு நிலையான கட்டணம் 1,500ஐயும் சேர்த்தால் 4,596 ரூபா. அதாவது இல்லாத 50 அலகுகளுக்காக எங்களிடம் 2,792 ரூபா கூடுதலாகக் கேட்கப்பட்டிருந்தது.

உத்தியோகத்தர் சொன்னபடி அடுத்த மாதம் அதே 50 அலகுகள் குறைந்து வந்தால், 88க்குப் பதிலாக 38 அலகுகளுக்குப் பட்டியல் வரும். முதல் 30க்கு 180, அடுத்த 8க்கு 72, நிலையான கட்டணம் 250 என்று அது 502 ரூபா. வழக்கமான 1,804 ரூபாவிலிருந்து குறைவது 1,302 ரூபா மட்டுமே. கூடியது 2,792, குறைவது 1,302. அலகுகள் சரியாகிவிடும், ஆனால் பணத்தில் 1,490 ரூபா திரும்பி வராது. பட்டியலில் சேர்க்கப்படும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியையும் கணக்கில் எடுத்தால், இழப்பு 1,528 ரூபா 20 சதம். ஒரு மாதத்தின் முழுப் பட்டியல் தொகையைவிட இது மிகவும் குறைவானதல்ல.

ஒரே விலைக்கு விற்கப்படும் பொருளாக மின்சாரம் இருந்திருந்தால் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். அடுக்குக் கட்டண முறையில் இந்த மாதம் ஏறிய அலகுகள் விலை கூடிய மேலடுக்கில் ஏறுகின்றன. அடுத்த மாதம் குறைகிற அலகுகள் மலிவான கீழடுக்கில் குறைகின்றன. ஆகவே வாசிப்புப் பிழையை அடுத்த வாசிப்பு ஈடுசெய்யாது. பட்டியலை இரத்துச் செய்து, சரியான அலகுகளுக்கு மீண்டும் கணக்கிட்டால்தான் ஈடு கிடைக்கும். கட்டணங்கள் 2025இல் ஜனவரியிலும் ஜூனிலும் மாறிவிட்டதால் என் எண்களை யாரும் அப்படியே எடுக்கக்கூடாது. தம் பட்டியலுக்குரிய காலத்தில் நடைமுறையில் இருந்த கட்டணத்தைக் கொண்டே கணக்குப் போட வேண்டும். அடுக்கு முறை இருக்கும்வரை கணக்கின் போக்கு மட்டும் இப்படித்தான் இருக்கும்.

அன்றிரவே தமிழில் கடிதம் எழுதி, மறுநாளைய விவரங்களையும் சேர்த்து முடித்தேன். மின்கணக்கு இன்னும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரிலேயே இருந்ததால், முதல் வரியிலேயே அதைச் சொல்லி, அம்மாவின் கையொப்பத்தையும் வாங்கினேன். கணக்கு இலக்கம், மானி இலக்கம், முகவரி ஆகியவற்றுக்குக் கீழே கடிதத்தின் முக்கிய பகுதி இப்படி அமைந்தது:

“2024.10.09ஆம் திகதிய பட்டியலில் தற்போதைய வாசிப்பு 11,287 எனப் பதியப்பட்டுள்ளது. அதற்கு மூன்று நாட்களின் பின்னர், 2024.10.12 அன்று, மானி 11,246ஐக் காட்டியது. இன்று, 2024.10.15 காலை 6 மணிக்கு, 11,255ஐக் காட்டுகிறது. இவற்றுக்குரிய படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே 11,237 என்ற வாசிப்பு 11,287 எனத் தவறாகப் பதியப்பட்டிருக்கலாம் எனக் கருதுகிறோம். மானியின் இயக்கம் பற்றி எமக்கு முறைப்பாடு இல்லை. எமது நாளாந்தப் பாவனை ஏறத்தாழ 3 அலகுகள் என்பதால், 2024.10.25ஆம் திகதிக்குப் பின்னர் மானி 11,287ஐத் தாண்டிவிடும். அதற்கு முன்னர் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி வாசிப்பை உறுதிப்படுத்துமாறும், பட்டியலை 88 அலகுகளுக்கு மீளக் கணக்கிடுமாறும் வேண்டுகிறோம். அடுத்த மாத வாசிப்பினால் இத்தொகை ஈடுசெய்யப்படாது என்பதற்கான கணக்கு இணைப்பில் உள்ளது. 88 அலகுகளுக்குரிய தொகையை இன்று செலுத்தியுள்ளோம். மிகுதி தொடர்பான தீர்மானம் கிடைக்கும் வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.”

வரியோடு 1,850 ரூபா 26 சதம் என்று வந்த தொகைக்கு 1,851 ரூபாவைத் தபாலகத்தில் செலுத்தி, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்தேன். முறைப்பாடு இருக்கிறது என்பதற்காக ஒன்றும் செலுத்தாமல் விடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பாவித்த மின்சாரத்துக்குரிய பணத்தைச் செலுத்திவிட்டால், எஞ்சியது உண்மையிலேயே தகராறுக்குரிய தொகை மட்டும் என்பது எல்லாருக்கும் விளங்கும்.

15ஆம் திகதி கடிதத்தின் இரண்டு பிரதிகளோடு போனேன். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் காரியாலய முத்திரையும் திகதியும் கையொப்பமும் வாங்கினேன். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். கணக்குத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “இந்த மாதிரிக் கணக்குப் போட்டு இதுவரைக்கும் ஒருவரும் கொண்டுவரவில்லை டீச்சர்” என்று சொல்லி, அதை மின் அத்தியட்சகரிடம் தாமே எடுத்துக்கொண்டு போனார். ஒருவேளை தரப்பட்ட திகதி எல்லைதான் அவரை அவசரப்படுத்தியிருக்கலாம். எப்படியோ, “கூடிய விரைவில் பாருங்கள்” என்று கேட்பதற்கும், “இந்தத் திகதிக்குப் பிறகு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது” என்று காரணத்தோடு எழுதுவதற்கும் இருக்கிற வேறுபாட்டை அன்று கண்டேன்.

17ஆம் திகதி போயா விடுமுறை. வெள்ளிக்கிழமையும் யாரும் வரவில்லை. சனி, ஞாயிறு கழிந்தன. அந்த நாட்களில் நாட்காட்டியில் எண் ஏற ஏற எனக்குக் கவலையும் ஏறியது. மின்சாரம் குறைவாகச் செலவானால் நாட்கள் கூடுமே என்று அம்மா மின்னழுத்தியைத் தொடவே விடவில்லை.

21ஆம் திகதி, திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். நான் பாடசாலையில் இருந்ததால் தம்பிதான் வீட்டில் நின்றான். வந்தவர் தாமே ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்து, 11,272 என்று வாசித்து, தம் படிவத்தில் எழுதித் தம்பியிடமும் கையொப்பம் வாங்கினார். பட்டியலில் இருந்த எண்ணுக்கு இன்னும் 15 அலகுகள் குறைவு. படிவத்தின் பிரதியை அவர் தரவில்லை. நான் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, தம்பி அவருடைய அனுமதியைக் கேட்டு அதைப் படமெடுத்துக்கொண்டான். பின்னர் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் படம்தான். 26ஆம் திகதி மாலை மானி 11,287ஐக் கடந்தது.

இத்தோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் நவம்பர் 8ஆம் திகதி வந்த பட்டியலில் முந்தைய வாசிப்பு 11,287 என்றே இருந்தது. தற்போதைய வாசிப்பு 11,325. பாவனை 38 அலகுகள், மாதக் கட்டணம் 514 ரூபா 87 சதம், நிலுவை 2,862 ரூபா 85 சதம், மொத்தம் 3,377 ரூபா 72 சதம். நான் இரவில் தாளில் போட்ட கணக்கு அச்சாகி வந்ததைப் போல இருந்தது. பரிசோதனை அறிக்கை அத்தியட்சகரின் மேசை வரை போயிருந்தும், பட்டியல் தயாரிக்கும் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. முறைப்பாடு ஏற்கப்படுவது ஒரு படி, கணினியில் முந்தைய வாசிப்பு மாற்றப்படுவது இன்னொரு படி என்பதை இங்கேதான் விளங்கிக்கொண்டேன். முதற்படி முடிந்ததும் அமைதியாக இருந்துவிடுபவர்கள், 514 ரூபா என்ற சிறிய தொகையைக் கண்டு, திருத்தப்பட்டுவிட்டது என்றே நம்பிவிடுவார்கள். முந்தைய வாசிப்பு என்ற கட்டத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

11ஆம் திகதி, முத்திரையிட்ட கடிதப் பிரதி, தம்பி எடுத்த படம், இரண்டு பட்டியல்கள், பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு மீண்டும் போனேன். இந்தத் தடவை கருமபீடத்தில் நிற்காமல், பட்டியல் திருத்தங்களைச் செய்யும் முகாமைத்துவ உதவியாளர் யார் என்று கேட்டு அவரிடமே சென்றேன். ஒரு பட்டியலை மட்டும் திருத்தினால் போதாது என்பதையும் அவரிடம் எழுத்தில் கொடுத்தேன். ஒக்டோபர்ப் பட்டியலை 88 அலகுகளுக்கு மாற்றினால், நவம்பர்ப் பட்டியலின் முந்தைய வாசிப்பும் 11,237 ஆக மாறி, அதுவும் 88 அலகுகள் ஆகும். அதனால் நவம்பரில் நாங்கள் செலுத்த வேண்டிய தொகை கூடுகிறது என்பது உண்மை. அந்தக் கூடுதலையும் நாங்களே கேட்டு எழுதியதால், அவர் எங்களை ஐயத்தோடு பார்க்கவில்லை. சாதகமானதை மட்டும் திருத்தச் சொல்வது நேர்மையும் அல்ல, கணக்காகவும் நிற்காது.

இதற்கும் பதில் வராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவதாகத் தீர்மானித்து, கடிதத்தின் வரைவையும் வைத்திருந்தேன். அப்போது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்தின் கீழ் மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்தியது அந்த ஆணைக்குழுவே. பாவனையாளரின் முறைப்பாடுகளையும் அது ஏற்கிறது. ஆனால் முதலில் விநியோக நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். முத்திரையிட்ட பிரதி இல்லாமல் அதைக் காட்ட முடியாது. ஒக்டோபர் 14ஆம் திகதி நான் வாய்ச்சொல்லோடு திரும்பியது எவ்வளவு பெரிய தவறாக முடிந்திருக்கும் என்று அந்த வரைவை எழுதும்போது நினைத்துக்கொண்டேன்.

வரைவை அனுப்ப வேண்டி வரவில்லை. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 15 போயா என்று அந்த வாரம் அதற்குமேல் வேலை நடக்கவில்லை. 20ஆம் திகதி, புதன்கிழமை திருத்தப்பட்ட கணக்குக்கூற்று கையில் கிடைத்தது. இரண்டு மாதங்களுக்கும் தலா 88 அலகுகள், தலா 1,850 ரூபா 26 சதம், மொத்தம் 3,700 ரூபா 52 சதம். செலுத்திய 1,851 ரூபாவைக் கழித்து மிகுதி 1,849 ரூபா 52 சதம். நிலுவையோடு கேட்கப்பட்டிருந்த 3,377 ரூபா 72 சதத்திலிருந்து குறைந்தது 1,528 ரூபா 20 சதம். ஒக்டோபர் 14 இரவு நான் எழுதிய எண் அதுவேதான், ஒரு சதமும் மாறவில்லை. அன்றே 1,850 ரூபாவைச் செலுத்தினேன்.

அந்த மாதக் கடைசியில் பெருமழையும் வெள்ளமும் வந்து, மாவட்டம் முழுவதும் வேறு கவலைகளில் இருந்ததால், டிசெம்பர் 9ஆம் திகதி மானி வாசிப்பவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. வந்தார். அம்மா அவருக்கு முன்னால் துணியோடு போய்க் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவர் வாசித்த எண்ணைத் தாமும் சத்தமாகச் சொல்லி, நாட்காட்டியில் எழுதினார். அன்று வந்த பட்டியலில் முந்தைய வாசிப்பு 11,325 என்று இருந்தது.